தாணுமாலயன்: பெயரின் பொருளும் வேரும் – பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், சுசீந்திரம், கோட்டாறு வட்டாரத்தில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை தெருவுக்கு ஒரு தாணுவாவது இருந்தார். இன்று அந்தப் பெயரைப் பேரனுக்கு வைக்க நினைக்கும் வீடுகளில் அதன் பொருளைப் பற்றியும் எழுத்தைப் பற்றியும் ஐயங்கள் எழுகின்றன. அவற்றுக்கான விடைகள் இங்கே உள்ளன.

தாணுமாலயன் என்றால் சிவனா, பெருமாளா? எங்கள் வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இருவரும்தான், அவர்களோடு பிரமனும் உண்டு. தாணு, மால், அயன் என்னும் மூன்று சொற்கள் சேர்ந்து ஒரு பெயராகியிருக்கின்றன. தாணு சிவன், மால் திருமால், அயன் பிரமன். மால் என்பதன் இறுதி மெய்யோடு அயன் என்பதன் முதல் உயிர் கலந்து மாலயன் என்றாகிறது. சுசீந்திரம் கோயிலின் மூலவர் ஒரே இலிங்கத் திருமேனியில் மும்மூர்த்திகளாக வழிபடப்படுகிறார். அதன் அடிப்பாகம் அயன், நடுப்பாகம் மால், மேற்பாகம் தாணு என்பது கோயில் வழக்கு. ஆகவே இந்தப் பெயர் திருமேனியை மேலிருந்து கீழாகச் சொல்லிக்கொண்டு வருகிறது என்று கொள்ளலாம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தேவாரத்தில், குறிப்பாகச் சம்பந்தர் பதிகங்களின் ஒன்பதாம் பாடல்களில், மாலும் அயனும் சிவனுடைய அடியையும் முடியையும் தேடிக் காணாமல் திரும்புகிறவர்களாகவே பெரும்பாலும் வருகிறார்கள். அதே இணை சுசீந்திரத்தில் தேடுகிற நிலையில் இல்லாமல் தாணுவோடு ஒன்றாக நிற்கிறது. சைவ வைணவ வேறுபாடு பார்க்கும் இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் செய்துகொண்ட வீட்டில், இரு பக்கத்துப் பெரியவர்களுக்கும் உவப்பான பெயர் இதைவிட எளிதில் கிடைக்காது.

தாணு தமிழ்ச் சொல்லா, வடசொல்லா? எங்களுக்குத் தூய தமிழ்ப் பெயர்தான் வேண்டும்.

தாணு வடசொல்லிலிருந்து தமிழ் ஒலிக்கு ஏற்ப மாறி வந்த சொல். வடமொழியில் அது ஸ்தாணு. ‘நிற்றல்’ என்னும் பொருள் தரும் ஸ்தா என்ற வேரிலிருந்து பிறந்து, அசையாமல் நிற்பது, நிலைபெற்றது, தூண் என்றெல்லாம் பொருள்படும். தனி மெய்யெழுத்து தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் முதலில் உள்ள ‘ஸ்’ உதிர்ந்துவிட்டது. ஸ்தலம் தலமானதும், ஸ்தோத்திரம் தோத்திரமானதும், ஸ்தம்பம் தம்பமானதும் இதே வழியில்தான்.

அயன் என்பதும் வடசொல்லே. பிறவாதவன் என்று பொருள்படும் அஜ என்பதில் உள்ள ஜகரம் தமிழில் யகரமாகி, ஆண்பால் விகுதி பெற்று அயன் ஆயிற்று. பங்கஜம் பங்கயமாவதில் இதே மாற்றத்தைக் காணலாம். மூன்றில் மால் மட்டுமே தமிழ்.

எனவே வேர் வரை தமிழாகவே இருக்க வேண்டும் என்பது உங்கள் உறுதியானால், இந்தப் பெயர் அதற்கு ஒத்து வராது. நடுவில் இருப்பதை மட்டும் எடுத்து மாலன், மாலவன், திருமாலன் என்று வைக்கலாம். ஒலியும் வழக்கும் தமிழாக இருந்தால் போதும் என்றால் தாணுமாலயன் நிறைவாகவே பொருந்தும், ஏனெனில் கிரந்த எழுத்து ஒன்றுகூட இல்லாமல் இதை எழுதிவிட முடிகிறது. தூய தமிழ் என்று சொல்லிக்கொண்டு ஸ், ஷ், ஜ ஆகிய எழுத்துகளோடு வைக்கப்படும் பல புதுப் பெயர்களைக் காட்டிலும் தமிழ் இலக்கணத்துக்கு இது அடங்கி நிற்கிறது என்பது என் எண்ணம்.

ஸ்தாணு என்றால் பட்டமரம் என்று ஒருவர் சொன்னார். பிள்ளைக்கு அப்படி ஒரு பெயர் வைக்கலாமா?

அவர் சொன்னது பொய்யில்லை. கிளையும் இலையும் இல்லாமல் நிற்கும் அடிமரத்தையும் நட்டுவைத்த கட்டையையும் வடமொழியில் ஸ்தாணு என்பார்கள். வேதச் சொற்களுக்குப் பொருள் கூறும் யாஸ்கருடைய நிருக்தத்தில், வேதத்தை ஓதிவிட்டு அதன் பொருளை அறியாதவனைச் சுமை தாங்கும் ஸ்தாணு என்று பழிக்கும் இடமும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் ‘உறுதியானவன்’ என்று மட்டும் எழுதிவைக்கும் பெயர்ப் பட்டியல்கள் பாதி உண்மையைத்தான் தருகின்றன.

ஆனால் சிவனுக்கு அந்தப் பெயர் வந்த காரணமே அந்தக் கட்டையின் அசையாமைதான். பிரமன் உயிர்களைப் படைக்கச் சொன்னபோது சிவன் சாவே இல்லாத உருத்திரர்களைப் படைத்தார் என்றும், சாவுள்ள உயிர்களைப் படை என்று பிரமன் கேட்டதற்கு மறுத்து, படைப்புத் தொழிலிலிருந்து விலகி அசையாமல் நின்றுவிட்டார் என்றும், அதனால் ஸ்தாணு எனப்பட்டார் என்றும் புராணங்கள் கூறுகின்றன. தவத்தில் அசைவற்று நிற்கும் கோலத்தைக் குறிக்கிறது என்றும் கொள்வார்கள். இந்தப் பொருளில் அது இறைவனின் பெயராக நாடெங்கும் பரவியிருக்கிறது. அரியானாவில் குருசேத்திரத்தை ஒட்டியுள்ள தானேசர் என்ற ஊர் ஸ்தாணுவீசுவரர் பெயரால் அமைந்தது. ஹர்ஷருடைய குடும்பம் முதலில் ஆண்டது அந்த ஊரிலிருந்துதான்.

தமிழில் தாணு என்று கூப்பிடும்போது பட்டமரத்தை எவரும் நினைப்பதில்லை. சுசீந்திரத்துச் சாமியைத்தான் நினைப்பார்கள். பெயருக்கு உயிர் கொடுப்பது அந்த வழக்குதான் என்பதால் தயங்க வேண்டியதில்லை. வட இந்திய மொழி பேசும் ஊரில் பிள்ளை வளரப்போகிறான் என்றால் மட்டும், இந்தப் பொருளும் உண்டு என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மால் என்பதற்கு மயக்கம் என்று அகராதியில் போட்டிருக்கிறதே?

மால் என்பதற்குக் கருமை, பெருமை, மயக்கம் ஆகிய மூன்று பொருளும் உண்டு. திருமாலைக் குறிக்கும்போது முதல் இரண்டும் இயல்பாகப் பொருந்துகின்றன. கருநிறத்தவன் என்பதாலேயே பழந்தமிழர் அவனை மாயோன் என்றார்கள்; முல்லை நிலத்துக்கு உரிய தெய்வமாகத் தொல்காப்பியம் அந்தப் பெயரால்தான் அவனைச் சொல்கிறது. அடியவரை மயக்குகிறவன், அவர்கள்மேல் தானும் மயக்கம் கொள்கிறவன் என்று வைணவ உரைகாரர்கள் மூன்றாம் பொருளையும் பக்தியாக்கிக்கொண்டார்கள். ‘மாலே மணிவண்ணா’ என்று மார்கழியில் பாடும்போது கேட்பது இந்த மூன்றும் கலந்த சொல்தான்.

இது எவ்வளவு பழைய பெயர்? கோயிலுக்காக வந்ததா, அதற்கு முன்பே மனிதர்களுக்கு வைத்தார்களா?

தாணு என்பது மனிதர்களின் பெயராக ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வழங்கியதற்கு நேரடிச் சான்று இருக்கிறது. கொல்லத்தில் இருந்த தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவ தேவாலயத்துக்கு வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் வழங்கிய செப்பேடு கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சேர அரசன் ஸ்தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில் எழுதப்பட்டது. வட்டெழுத்தில் உள்ள அந்தச் செப்பேட்டில் அரசனுடைய பெயர் ‘கோத்தாணு இரவி’ என்று வருகிறது. ‘கோ’ என்பது அரசன் என்னும் அடைமொழி. அதை நீக்கினால் எஞ்சுவது தாணு. அதாவது வடமொழி ஸ்தாணு தமிழ் வாயில் தாணுவாக மாறியது இன்று நேற்றல்ல, ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அரசனுடைய பெயரை அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். நாட்டுப்புறத்தார் சிதைத்துச் சொன்ன பெயர் என்று எவராவது குறை சொன்னால் இந்தச் செப்பேட்டைக் காட்டலாம். அதை வழங்கிய வேணாடு நம் மாவட்டத்துக்கு அயலும் அன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழ்நாட்டோடு சேரும் வரை குமரி மாவட்டம் இருந்தது வேணாட்டின் வழிவந்த திருவிதாங்கூரிலும், 1949க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சியிலும்தான்.

இது குறிப்பிட்ட ஒரு சாதியாருக்கு உரிய பெயர் என்கிறார்களே?

இல்லை. கேரள முதலமைச்சராக 1960 முதல் 1962 வரை இருந்தவர் பட்டம் தாணு பிள்ளை. நாகர்கோவில் தொகுதியிலிருந்து 1957இல் மக்களவைக்குத் தேர்வானவர் தாணுலிங்க நாடார். சாதியைக் காட்டியது பின்னொட்டு. பெயர் பொதுவாகவே இருந்திருக்கிறது.

தாணு, தானு, ஸ்தாணு, தாணுமலையன் என்று பலவிதமாக எழுதுகிறார்களே, எது சரி? ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

மூன்று சுழி ‘ணு’ போட்டுத் தாணு என்று எழுதுவதே சரி. மூலச் சொல்லிலும் ணகரம்தான் இருக்கிறது. ‘தானு’ என்பது எழுத்துப் பிழை. ஸ்தாணுமாலயன் என்று கோயிலின் பெயர்ப் பலகைகளில் காணலாம், அது பிழையன்று; ஆனால் பிள்ளையின் பெயரில் ‘ஸ்’ சேர்த்துக்கொண்டால் பள்ளிக்கூடத்தில் ‘இஸ்தாணு’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

தாணுமலையன் என்று எழுதுவது பரவலான பிழை. ‘மாலயன்’ என்பதைக் காதில் வாங்கியவர்கள் மலை என்று நினைத்து எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் மாலும் அயனும் காணாமல் போய், தாணு என்னும் மலைநாட்டவன் என்று வேறு ஒரு பொருள் வந்துவிடும். ஆதார் பதிவு மையத்தில் தட்டச்சு செய்கிறவர் பெரும்பாலும் ஆங்கில எழுத்தைப் பார்த்தே தமிழை நிரப்புவார் என்பதால், இந்தப் பிழை அங்கேதான் மிகுதியாக நுழைகிறது. திரையில் தமிழ் வரியை நீங்களே ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்: தா, ணு, மா, ல, ய, ன்.

ஆங்கில எழுத்தில் சிக்கல் வேறு வகையானது. Thanu என்று எழுதினால் தாணு என்றும் படிக்கலாம், தனு என்றும் படிக்கலாம். தனு என்பது வில்லைக் குறிக்கும் வேறு சொல். தனுசு இராசியின் பெயர் அதிலிருந்து வந்தது. Dhanu என்று எழுதினால் குழப்பம் இன்னும் கூடும். திரைப்படத் தயாரிப்பாளர் தாணுவின் பெயரே இரண்டு விதமாகவும் அச்சாகிறது. நெடிலைக் காட்ட Thaanu என்று எழுதலாம். பார்வைக்குச் சற்று விந்தையாக இருந்தாலும் உச்சரிப்பு தவறாது. முழுப் பெயரை எழுதுகிறவர்களுக்கு Thanumalayan போதும், ஏனெனில் அந்த நீளத்தில் தனு என்று எவரும் படிப்பதில்லை.

எங்கள் மாமனார் பெயர் தாணுமாலயப் பெருமாள். மூத்த பேரனுக்கு அந்தப் பெயரையே வைக்க வேண்டும் என்கிறார்கள். மாமனார் பெயரை நான் வாய்விட்டுக் கூப்பிடுவது எப்படி? பதிவில் என்ன எழுதுவது?

இந்தச் சங்கடம் புதிதன்று. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும், மருமகள் மாமனார் பெயரைச் சொல்லாத வழக்கமும் ஒரே வீட்டில் இருந்ததால், பதிவுக்கு ஒரு பெயரும் கூப்பிட ஒரு பெயரும் என்று நம் ஊரில் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் அமைந்தன. மக்கள், ராசா, அப்பு என்று கூப்பிட்டே பிள்ளையை வளர்த்த தாய்மார்கள் உண்டு. நீங்களும் அப்படிச் செய்யலாம். அல்லது பெயரின் வேறொரு துண்டை எடுத்துக்கொள்ளலாம். மாமனாரை ஊரில் ‘தாணு’ என்று கூப்பிட்டிருந்தால், பிள்ளையை நீங்கள் ‘மாலன்’ என்று கூப்பிடுங்கள். அதுவும் அதே பெயருக்குள் இருப்பதுதான், ஆனால் மாமனாரைச் சொன்னதாகாது.

பதிவைப் பொறுத்தவரை, பெருமாள் என்னும் பகுதி வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெருமாள் என்றால் திருமால் மட்டுமே என்று இன்று நினைக்கிறோம். பழைய வழக்கில் அது பெருமகன், தலைவன் என்னும் பொதுப்பெயர். சேர அரசர்களைச் சேரமான் பெருமாள் என்றார்கள். அருணகிரிநாதர் திருப்புகழில் முருகனைத்தான் ‘பெருமாளே’ என்று அழைத்து முடிக்கிறார். தாணுமாலயப் பெருமாளில் உள்ள பெருமாளும் அத்தகைய மரியாதைச் சொல்தான். ஆகவே அதை விட்டுவிட்டாலும் பெயரின் பொருள் குறையாது. படிவங்களில் நீளத்தைக் கருதி நான் விட்டுவிடவே சொல்வேன்.

அடுத்து இடைவெளி. ‘தாணு மாலயன்’ என்று பிரித்துப் பதிந்தால், பிற்காலத்தில் கடவுச்சீட்டு போன்ற ஆவணங்களில் தாணு பெயராகவும் மாலயன் குடும்பப் பெயராகவும் பிரிந்து நிற்க வாய்ப்புண்டு. வெளிநாட்டில் பிள்ளையை ‘மிஸ்டர் மாலயன்’ என்று அழைப்பார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுங்கள். தந்தையின் பெயர் கணேசன் என்று வைத்துக்கொண்டால், பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயர் தாணுமாலயன், ஆங்கிலத்தில் Thanumalayan. பின்னர் பள்ளியில் க. தாணுமாலயன். வீட்டில் தாணு, உங்கள் வாயில் மாலன்.

அவசரப்படவும் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது பிறப்புக்கான கெடு, பெயருக்கானது அன்று. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணம் செலுத்தி 15 ஆண்டு வரை சேர்க்க முடியும். இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டிப் பெயர் சொல்லும் வீடுகளில், அன்று காதில் சொன்ன பெயரையே பிறகு பதிவில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒருமுறை சேர்த்துவிட்ட பெயரை வேறு பெயராக மாற்றுவது அரசிதழ் வரை போக வேண்டிய வேலை. எழுத்தைப் பற்றிய சண்டையை அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

எந்த நட்சத்திரத்துக்குத் ‘தா’ வரும்?

சுவாதி நான்காம் பாதத்துக்குத் ‘தா’ சொல்லப்படுகிறது. பூராடத்துக்கும் பஞ்சாங்கத்தில் தகரம் வரும், ஆனால் அது வடமொழியின் வேறொரு தகரம். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. தாணுவின் தகரமோ மூலத்தில் ‘ஸ்’ என்பதோடு தொடங்குவது. வடமொழி எழுத்து வரை பார்த்துக் கணிக்கிறவரிடம் போனால் மறுப்பு வரலாம். தமிழ் எழுத்தை வைத்துப் பார்ப்பவர் ஏற்றுக்கொள்வார்.

பிறந்திருப்பது பெண் குழந்தை. இந்தக் கோயிலின் பெயரையே ஒட்டி வைக்க ஏதாவது உண்டா? மாலினி என்று வைத்தால் மால் வந்துவிடும் அல்லவா?

ஒலியில்தான் வரும். மாலினி என்பது மாலை என்று பொருள்படும் மாலா என்ற வடசொல்லிலிருந்து வந்தது, மாலை அணிந்தவள் என்பது பொருள். திருமாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மாலதி என்பதும் ஒரு பூங்கொடியின் பெயர்தான். இரண்டும் நல்ல பெயர்களே, ஆனால் தாணுமாலயனின் தங்கை என்பதற்காக அவற்றைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை.

பொருளோடு ஒட்டும் பெயர் அனசூயா. அத்திரி முனிவரும் அவர் மனைவி அனசூயையும் வாழ்ந்த ஞானாரண்யமே சுசீந்திரம் என்பது தலபுராணம். முனிவர் இல்லாத வேளையில் மும்மூர்த்திகளும் அந்தணர் வேடத்தில் வந்து, ஆடையின்றி உணவு பரிமாற வேண்டும் என்று கேட்டார்கள். அனசூயை கணவரின் பாத தீர்த்தத்தைத் தெளித்து மூவரையும் கைக்குழந்தைகளாக்கி, அதன்பின் அமுது ஊட்டினாள். மூன்று தேவியரும் வந்து வேண்டிய பிறகே அவர்கள் தங்கள் உருவைத் திரும்பப் பெற்றார்கள். தாணு, மால், அயன் மூவரும் அந்தத் தலத்தில் ஒன்றாக நிற்பதற்கு இந்தக் கதையையே காரணமாகச் சொல்வார்கள்.

அசூயை என்பது பிறர் நலம் கண்டு பொறாமை. அது இல்லாதவள் அனசூயை. திருக்குறள் அழுக்காறாமை என்று ஓர் அதிகாரமே வைத்துச் சொல்கிற குணம் அது. தமிழில் எழுதும்போது அனசூயா, அனுசூயா, அனுசுயா என்று மூன்று விதமாகக் காணலாம். ‘அன்’ என்பதே இன்மையைக் காட்டும் பகுதி. ‘அனு’ என்று தொடங்கினால் அது கெட்டுவிடும். ஆகவே அனசூயா என்றே பதியுங்கள். தமிழ்ச் சொல்லாகவே வேண்டும் என்றால், அந்தக் கோயிலில் தனிச் சன்னிதி கொண்டிருக்கும் அறம்வளர்த்த நாயகியின் பெயர் இருக்கிறது. அதை அறவள்ளி என்றோ அறநாயகி என்றோ சுருக்கி வைத்துக்கொள்ளலாம்.